ஒரு பெயர் முகவரியாகும் வழி: டிஎன்எஸ்ஸும் தொலைபேசி டைரக்டரியும்

டிஎன்எஸ் என்பது இணையத்தின் தொலைபேசி டைரக்டரி என்று பாடநூல்கள் சொல்கின்றன. தளத்தின் பெயரைக் கொடுத்தால் அது இருக்கும் கணினியின் எண் கிடைக்கிறது என்ற அளவில் அது சரியே. ஆனால் இந்த ஒப்புமையை அப்படியே நம்பித் தளத்தைப் பராமரிக்கப் புகுந்தவர்கள், ஒரு முகவரியை மாற்றிய அன்று குழம்பிப்போகிறார்கள். மாற்றம் உலகம் முழுவதும் "பரவ" வேண்டும், அதற்கு 48 மணி நேரம் ஆகும் என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. உண்மையில் எதுவும் எங்கும் பரவுவதில்லை. ஏன் பரவுவதில்லை என்பது புரிய வேண்டுமானால், ஒரு பெயரை எடுத்துக்கொண்டு அது எண்ணாக மாறும் வரை ஒவ்வோர் அடியாகக் கூடவே நடந்து பார்க்க வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரியான `ta.wikipedia.org` என்ற பெயரை எடுத்துக்கொள்வோம்.

லினக்ஸ் அல்லது மேக் கணினியில் `dig` என்ற கட்டளை இருந்தால் கீழே வருவதை நீங்களே செய்து பார்க்கலாம். விண்டோஸில் இயல்பாக இருப்பது `nslookup`. ஆனால் நாம் பார்க்கவிருக்கும் விவரங்களை அது அவ்வளவு தெளிவாகக் காட்டாது.

ஒரே புத்தகமாக இருந்த காலம்

ஒரு காலத்தில் இணையத்துக்கு உண்மையாகவே ஒரு டைரக்டரி இருந்தது. ஆர்பாநெட் வலையமைப்பில் இணைந்திருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் `HOSTS.TXT` என்ற ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதிய கணினியைச் சேர்ப்பவர்கள் அந்தக் குழுவுக்குத் தெரிவிப்பார்கள். குழு கோப்பைத் திருத்தும். மற்றவர்கள் அவ்வப்போது புதிய படியை இறக்கிக்கொள்வார்கள். ஆண்டுக்கொரு முறை அச்சாகி வீட்டுக்கு வந்த தடித்த டைரக்டரிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அச்சேறிய மறுநாளே பழசாகிவிடும் குறையும் இரண்டுக்கும் பொது.

கணினிகள் பெருகியபோது அந்த முறை தாங்கவில்லை. 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் முன்வைத்த மாற்று ஏற்பாடுதான் டிஎன்எஸ். புத்தகத்தை மேலும் தடிமனாக்குவதற்குப் பதிலாக அவர் புத்தகத்தையே கைவிட்டார். ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயர்களுக்கான பக்கத்தைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். மேலே இருப்பவர்கள் அந்தப் பக்கம் யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் அறிந்திருந்தால் போதும். முழுப் பட்டியலை வைத்திருப்பவர் இன்று உலகில் யாரும் இல்லை.

பழைய கோப்பின் எச்சம் மட்டும் உங்கள் கணினியில் இன்றும் இருக்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் அது `/etc/hosts`, விண்டோஸில் `C:\Windows\System32\drivers\etc\hosts`. பொதுவாக, டிஎன்எஸ்ஸிடம் கேட்பதற்கு முன் கணினி இந்தக் கோப்பைத்தான் பார்க்கிறது. எப்போதோ சோதனைக்காக இதில் எழுதி மறந்துபோன ஒரு வரி, பிற்காலத்தில் ஒரு நாள் முழுவதையும் தின்றுவிடக்கூடும். நான் அந்த நாளைத் தின்னக் கொடுத்தவன் என்பதால் சொல்கிறேன்.

கேள்வி யாரிடம் போகிறது

உலாவியில் பெயரைத் தட்டியதும், அண்மையில் இதே பெயரைக் கேட்ட நினைவு இருக்கிறதா என்று உலாவியும் இயங்குதளமும் தங்களுக்குள் பார்த்துக்கொள்கின்றன. இல்லையென்றால் கேள்வி ரிசால்வர் எனப்படும் கணினிக்குப் போகிறது. அது பெரும்பாலும் உங்கள் இணையச் சேவை நிறுவனத்தினுடையது. சிலர் `8.8.8.8`, `1.1.1.1` போன்ற பொது ரிசால்வர்களை அமைத்திருப்பார்கள். வீட்டு ரவுட்டர் உங்கள் கணினிக்கு எண் ஒதுக்கும்போதே, யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது.

தொலைபேசி விசாரணைப் பிரிவை அழைத்து "இன்னாருடைய எண் வேண்டும்" என்று கேட்ட காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு ரிசால்வரின் வேலை எளிதில் விளங்கும். மறுமுனையில் இருக்கும் ஊழியர் உங்களுக்காகத் தேடுவார். நீங்கள் காத்திருந்தால் போதும். ஆனால் இந்த ஊழியரின் மேசையில் டைரக்டரி கிடையாது. அவரிடம் தொடக்கத்தில் இருப்பது 13 பெயர்களும் அவற்றின் எண்களும் கொண்ட ஒரு துண்டுச்சீட்டு மட்டுமே. `a.root-servers.net` தொடங்கி `m.root-servers.net` வரையிலான அவை வேர் சர்வர்கள் எனப்படுகின்றன. பெயர்கள் 13 என்றாலும் இயந்திரங்கள் 13 அல்ல; ஒரே எண்ணை உலகின் பல இடங்களில் பல கணினிகள் பகிர்ந்துகொள்வதால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இயங்குகின்றன.

வலமிருந்து இடமாக

இனி ரிசால்வர் செய்யும் வேலையை நாமே கையால் செய்வோம். அஞ்சல் உறையில் ஆளின் பெயர் மேலேயும் மாவட்டமும் மாநிலமும் கீழேயும் இருக்கும். பிரிப்பவர் கீழிருந்து மேலாகத்தான் படிப்பார். அதுபோல டிஎன்எஸ் பெயரை வலமிருந்து படிக்க வேண்டும். `ta.wikipedia.org` என்பதன் இறுதியில் நாம் எழுதாமல் விடும் ஒரு புள்ளி இருக்கிறது. அதுதான் வேர். முதலில் வேரைக் கேட்போம்.

```
dig +norecurse @a.root-servers.net ta.wikipedia.org
```

`+norecurse` என்பதற்கு, "எனக்காகத் தேட வேண்டாம், உனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்" என்று பொருள். வரும் மறுமொழியில் எண் இருக்காது. அதற்குப் பதில் இப்படிச் சில வரிகள் இருக்கும்:

```
org.  172800  IN  NS  a0.org.afilias-nst.info.
```

தமிழ் விக்கிப்பீடியாவைப் பற்றி வேருக்கு ஒன்றும் தெரியாது. `org` என்று முடியும் பெயர்களை யார் கவனிக்கிறார் என்பது மட்டும் தெரியும். `com`, `in`, `lk` ஆகியவற்றுக்கும், தமிழிலேயே எழுதப்படும் `.இந்தியா`, `.இலங்கை`, `.சிங்கப்பூர்` ஆகியவற்றுக்கும் இப்படியே வழிகாட்டுகிறது. தமிழ் எழுத்துகளை டிஎன்எஸ்ஸில் நேரடியாக வைப்பதில்லை என்பதால், அந்த மூன்றும் வேரின் பட்டியலில் `xn--` என்று தொடங்கும் லத்தீன் எழுத்து வடிவத்தில் இருக்கின்றன. மாற்றிக் கொடுக்கும் வேலையை உலாவி செய்கிறது.

அடுத்து, வேர் காட்டிய இடத்தில் அதே கேள்வியை மாற்றாமல் கேட்போம்.

```
dig +norecurse @a0.org.afilias-nst.info ta.wikipedia.org
```

இங்கும் எண் இல்லை. `wikipedia.org` என்ற பெயருக்குப் பொறுப்பானவை `ns0.wikimedia.org` போன்ற நேம்சர்வர்கள் என்று இன்னொரு கை காட்டல் மட்டுமே வருகிறது. இங்கே ஒரு முடிச்சு விழுவதைக் கவனிக்கலாம். `ns0.wikimedia.org` என்பதும் ஒரு பெயர்தானே? அதன் எண்ணைச் சொல்ல வேண்டியதும் அதே நேம்சர்வர் குடும்பம் என்றால், நூலகத்தின் தொலைபேசி எண் அந்த நூலகத்தில் உள்ள புத்தகத்தில் மட்டுமே அச்சாகியிருப்பது போன்ற நிலை உண்டாகும். அதனால்தான் `org` சர்வர் பெயரோடு நிற்காமல், `ns0.wikimedia.org` என்பதன் எண்ணையும் மறுமொழியின் கடைசிப் பகுதியில் சேர்த்தே அனுப்புகிறது. இதைப் பசைப் பதிவு என்பார்கள். சொந்த டொமைனின் பெயரிலேயே நேம்சர்வர் அமைப்பவர்கள் இந்தப் பதிவைப் பதிவு நிறுவனத்திடம் கொடுக்க மறந்தால், தளம் தொடக்கத்திலிருந்தே யாருக்கும் கிடைக்காது.

மூன்றாவது படியில் பக்கத்தை உண்மையில் வைத்திருப்பவரிடமே வந்துவிட்டோம்.

```
dig +norecurse @ns0.wikimedia.org ta.wikipedia.org
```

இப்போது கிடைப்பது வழிகாட்டல் அல்ல, விடை. ஆனால் அந்த விடையும் எண்ணாக இல்லை:

```
ta.wikipedia.org.  IN  CNAME  dyna.wikimedia.org.
```

(இடையில் வரும் எண்ணை இங்கே நீக்கியிருக்கிறேன், அதைப் பற்றி விரைவில் தனியாகப் பேசுவோம்.) `CNAME` என்றால், "இந்தப் பெயர் ஒரு மாற்றுப்பெயர், உண்மையான பெயரைக் கேள்" என்று பொருள். டைரக்டரியில் ஒரு பெயருக்கு எதிரே எண்ணுக்குப் பதில் "வேறொரு பெயரின் கீழ்க் காண்க" என்று அச்சிட்டிருப்பதைப் போன்றது. விக்கிமீடியா இதைச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. நூற்றுக்கணக்கான மொழிகளின் விக்கிப்பீடியாக்களுக்கும் ஒரே வாசல்தான். வாசலின் எண் மாறும்போது ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

ரிசால்வர் இப்போது புதிய பெயரோடு மீண்டும் தொடங்க வேண்டும். ஆனால் வேர் வரை திரும்பிப் போக வேண்டியதில்லை. `org` யாரிடம் இருக்கிறது என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. நாம் நேராகக் கேட்டுவிடுவோம்.

```
dig +norecurse @ns0.wikimedia.org dyna.wikimedia.org
```

தமிழ்நாட்டிலிருந்து கேட்டால், பெரும்பாலும் சிங்கப்பூரில் உள்ள விக்கிமீடியா மையத்தின் எண்ணான `103.102.166.224` என்பது `A` பதிவாக வரும். ஐரோப்பாவிலிருந்து கேட்டால் வேறு எண் வரும். டைரக்டரி ஒப்புமை முறிவது இந்த இடத்தில்தான். அச்சிட்ட புத்தகம், படிப்பவர் எந்த ஊரில் அமர்ந்திருக்கிறார் என்று பார்த்து எண்ணை மாற்றிக் காட்டாது. டிஎன்எஸ்ஸில் விடை சொல்பவர் ஓர் இயந்திரம். கேட்பவர் யார் என்பதைப் பார்த்து அருகிலுள்ள வாசலைச் சொல்ல அதற்கு முடியும். அதனால், "எனக்கு ஓர் எண், நண்பருக்கு வேறோர் எண்" என்பதைக் கண்டதும் பிழை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

எண் கிடைத்ததோடு டிஎன்எஸ்ஸின் வேலை முடிந்துவிடுகிறது. இணைப்பை ஏற்படுத்துவது வேறு வேலை. இணைந்த பிறகு உலாவி எந்தத் தளம் வேண்டும் என்று பெயரை மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒரே எண்ணுக்குப் பின்னால் பல தளங்கள் இருக்கலாம். அலுவலகத்தின் பொது எண்ணை அழைத்து, எடுத்தவரிடம் யாருடன் பேச வேண்டும் என்று சொல்வதைப் போல. வெறும் எண்ணை உலாவியில் தட்டினால் பல தளங்கள் திறக்காமல் போவதற்கு இதுவே காரணம்.

இடையில் இருந்த அந்த எண்

வேரின் மறுமொழியில் `172800` என்ற எண்ணைப் பார்த்தோம். அது விநாடிக் கணக்கு. டிடிஎல் என்று பெயர். "இந்த விடையை இவ்வளவு விநாடிகள் வரை என்னிடம் மீண்டும் கேட்காமல் வைத்துக்கொள்ளலாம்" என்று விடை சொல்பவர் தரும் அனுமதி அது. 172800 விநாடி என்பது 48 மணி நேரம்.

ரிசால்வர் ஒவ்வொரு முறையும் வேரிலிருந்து நடந்து வருவதில்லை. ஒரு முறை தெரிந்துகொண்டதைத் தன் குறிப்பேட்டில் எழுதி, டிடிஎல் முடியும் வரை அதையே சொல்லிக்கொண்டிருக்கும். இதை நேரில் காணலாம். `dig ta.wikipedia.org` என்று உங்கள் ரிசால்வரையே கேளுங்கள். பத்து விநாடி கழித்து மீண்டும் கேளுங்கள். இடையில் உள்ள எண் ஏறத்தாழப் பத்துக் குறைந்திருந்தால், வந்தது குறிப்பேட்டுப் படி என்று பொருள். மூலச் சர்வரிடமே கேட்டால் அந்த எண் இறங்காமல் எப்போதும் முழுதாக வரும். பொது ரிசால்வர்களிடம் கேட்கும்போது எண் ஏறியும் இறங்கியும் வந்தால் வியப்படைய வேண்டாம். ஒரே எண்ணுக்குப் பின்னால் தனித்தனிக் குறிப்பேடுகளோடு பல இயந்திரங்கள் இருக்கின்றன.

"பரவுதல்" என்ற சொல் ஏன் தவறு என்பது இப்போது தெளிவாகும். நீங்கள் உங்கள் நேம்சர்வரில் எண்ணை மாற்றியதும், உலகின் எந்த ரிசால்வருக்கும் யாரும் செய்தி அனுப்புவதில்லை. ஒவ்வொரு ரிசால்வரும் தன்னிடமுள்ள பழைய குறிப்பு காலாவதியாகும் வரை அதைச் சொல்லும். பிறகு தானாக வந்து கேட்கும். குறிப்பு எப்போது எழுதப்பட்டது என்பது ரிசால்வருக்கு ரிசால்வர் மாறுவதால், ஒருவருக்குப் புதிய தளமும் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பழைய தளமும் தெரிகின்றன.

ஓர் இடமாற்றம், விநாடிக் கணக்கோடு

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் நடத்திய சிறு இதழின் தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. பெயரையும் எண்களையும் மாற்றிச் சொல்கிறேன்: தளம் `example.org`, பழைய எண் `192.0.2.10`, புதிய எண் `198.51.100.20`. பதிவின் டிடிஎல் 86400, அதாவது 24 மணி நேரம். வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு `A` பதிவை மாற்றினேன். என் கணினியில் புதிய தளம் உடனே வந்தது. மாலையில் பழைய சர்வரை நிறுத்திவிட்டேன். அன்றிரவு முழுவதும் தளம் திறக்கவில்லை என்று வாசகர்கள் எழுதினார்கள். 9.55-க்குப் பழைய எண்ணைக் குறித்துக்கொண்ட ஒரு ரிசால்வர், மறுநாள் 9.55 வரை அதையே சொல்ல எல்லா உரிமையும் பெற்றிருந்தது. அந்த உரிமையை 86400 என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

அதற்குப் பிறகு நான் பின்பற்றும் வரிசை இது. மாற்றும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக, எண்ணைத் தொடாமல் டிடிஎல்லை மட்டும் 300 ஆக்கிவிடுவேன். இதையே மாற்றும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் செய்தால் பயனில்லை. 86400 என்று ஏற்கெனவே குறித்துக்கொண்டவர்கள் அந்த 24 மணி நேரத்தைக் கழித்த பிறகுதான் மீண்டும் வந்து 300 என்பதைக் காண்பார்கள். இரண்டு நாள் கழிந்ததும் குறிப்பேடுகளில் உள்ள எந்தப் படியும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காது. அப்போது எண்ணை மாற்றிவிட்டு, மூலத்தையும் ஒரு ரிசால்வரையும் அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிடுவேன். உங்கள் டொமைனின் நேம்சர்வர் பெயரை முதல் கட்டளையில் இடுங்கள்:

```
dig +norecurse @ns1.example.org example.org
dig @8.8.8.8 example.org
```

முதல் கட்டளையில் பழைய எண் வந்தால் உங்கள் மாற்றமே சேமிக்கப்படவில்லை. முதலாவதில் புதியதும் இரண்டாவதில் பழையதும் வந்தால் தவறு எதுவும் இல்லை. இரண்டாவதில் காணும் டிடிஎல் எத்தனை விநாடியோ அத்தனை விநாடி காத்திருந்தால் போதும். இரண்டிலும் புதியது வந்தும் உலாவியில் பழைய தளமே தெரிந்தால், காரணம் உங்கள் கணினிக்குள்ளோ நீங்கள் பயன்படுத்தும் ரிசால்வரின் குறிப்பேட்டிலோ இருக்கிறது. விண்டோஸில் `ipconfig /flushdns` கொடுத்து உலாவியை மூடித் திறந்து, பிறகு மேலே சொன்ன `hosts` கோப்பையும் பாருங்கள்.

எண்ணை மட்டுமல்லாமல் நேம்சர்வரையே மாற்றும்போது கணக்கு வேறு. யார் பொறுப்பு என்று சொல்லும் வரி மேலே உள்ள `com` அல்லது `org` சர்வரிலும் இருக்கிறது. அதன் டிடிஎல்லைக் குறைப்பது உங்கள் கையில் இல்லை. `com` பெயர்களுக்கு அது 172800. எல்லோரும் சொல்லும் 48 மணி நேரம் என்பதற்குப் பொருள் இருக்கும் இடம் இது ஒன்றுதான். அவ்வளவு காலமும் பழைய நேம்சர்வர், புதிய நேம்சர்வர் இரண்டிலும் ஒரே பதிவுகள் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இல்லை என்ற விடையும் நினைவில் நிற்கும்

புதிதாக ஒரு துணைப்பெயரை உருவாக்குபவர்கள் பொறுமையின்றிச் செய்யும் செயல் ஒன்று உண்டு. பதிவை எழுதுவதற்கு முன்பே, வந்துவிட்டதா என்று உலாவியில் தட்டிப் பார்ப்பது. அந்த நொடியில் ரிசால்வர் மூலம் வரை சென்று கேட்கிறது. அப்படி ஒரு பெயர் இல்லை என்ற விடை, `NXDOMAIN`, வருகிறது. ரிசால்வர் அதையும் குறித்துக்கொள்கிறது. எவ்வளவு நேரம் என்பதை டொமைனின் `SOA` பதிவு தீர்மானிக்கிறது; `dig SOA example.org` என்று கேட்டால் வரும் வரியின் கடைசி எண்ணையும் அந்தப் பதிவின் டிடிஎல்லையும் ஒப்பிட்டு, எது சிறியதோ அதைக் கொள்ள வேண்டும். அது 3600 என்றால், அடுத்த நிமிடமே நீங்கள் பதிவை எழுதினாலும் அந்த ரிசால்வரைப் பயன்படுத்துவோருக்கு ஒரு மணி நேரம் வரை பெயர் இல்லை என்றே வரும். முதலில் எழுதிவிட்டு, மூலச் சர்வரை நேராகக் கேட்டு உறுதிசெய்த பிறகே உலாவியைத் தொட வேண்டும்.

`NXDOMAIN` என்பது தெளிவான விடை என்பதையும் மறக்கக் கூடாது. `SERVFAIL` என்று வந்தால் நிலைமை வேறு: விடை சொல்ல வேண்டியவரை ரிசால்வரால் அடைய முடியவில்லை, அல்லது கிடைத்த விடையை நம்ப முடியவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் மறைந்தபோது ரிசால்வர்கள் தந்தது இந்த விடையைத்தான். அந்நிறுவனத்தின் வலையமைப்பில் ஏற்பட்ட தவறால், அதன் நேம்சர்வர்களுக்குச் செல்லும் வழி இணையத்திலிருந்தே நீங்கியிருந்தது. `facebook.com` யாருடைய பொறுப்பு என்று `com` சர்வர் சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தது. கைகாட்டிய இடத்துக்குப் போகத்தான் வழி இல்லை.

இதழின் தளத்துக்குத் திரும்புவோம். இப்போதெல்லாம் பழைய சர்வரை நான் நேரம் பார்த்து நிறுத்துவதில்லை. அதன் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்து, `192.0.2.10` என்ற எண்ணுக்கு வரும் கோரிக்கைகள் குறைவதைப் பார்க்கிறேன். டிடிஎல் கடந்த பிறகும் சில வந்துகொண்டிருக்கும். அவை பெரும்பாலும் டிடிஎல்லை மதிக்காத நிரல்களும், எண்ணையே நேராக எழுதி வைத்த தானியங்கிகளும்தான். மனிதர்களின் உலாவிகள் வருவது நின்று ஒரு நாள் ஆன பிறகு, டிடிஎல்லை 300-இலிருந்து மீண்டும் 3600-க்கு உயர்த்திவிட்டுப் பழைய சர்வரை அணைத்துவிடுகிறேன்.